‘தொடர்பாக’ என்று எழுதினால் மேனேஜர் ஏன் மெயிலைத் திறப்பதில்லை?

அரசு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிப் பழகியவர்களுக்கு ‘பொருள்’ என்ற வரி நன்றாகத் தெரியும். விடுநர், பெறுநர் முடிந்ததும், ‘பொருள்: தெருவிளக்கு அமைத்துத் தரக் கோருதல் – தொடர்பாக’ என்று ஒரு வரி வரும். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றுக்கொண்ட காலத்திலிருந்தே கையில் ஊறிப்போன வரி அது.

அந்த வரியில் வேலை செய்கிற சொல் ‘தொடர்பாக’ அல்ல, ‘கோருதல்’. படிக்கிற அதிகாரிக்கு இது புகாரா, கோரிக்கையா, வெறும் தகவலா என்பதைச் சொல்வது அந்த ஒரு சொல்தான். ‘தொடர்பாக’ என்பது வெறும் மரியாதைக்கு வருகிற வால்.

காகிதம் போய் மெயில் வந்தபோது, ‘பொருள்’ என்பது ‘சப்ஜெக்ட் லைன்’ ஆனது. வழியில் எங்கேயோ தலை தொலைந்து வால் மட்டும் மிஞ்சிவிட்டது. இன்று அலுவலக இன்பாக்ஸைத் திறந்தால் ‘இன்வாய்ஸ் – தொடர்பாக’, ‘லீவ் – தொடர்பாக’, ‘மீட்டிங் – தொடர்பாக’ என்றே வரிசை கட்டி நிற்கின்றன. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இதையே ‘ரெக்’ என்று சுருக்கிவிடுகிறார்கள். எதைப் பற்றி என்பது தெரிகிறது. என்ன வேண்டும் என்பது தெரிவதில்லை.

அனுப்பியவர் பதிலுக்குக் காத்திருப்பார். மேனேஜரோ, ‘இதை அப்புறம் பார்க்கலாம்’ என்று கீழே நகர்ந்திருப்பார்.

மேனேஜரின் கண்ணுக்குத் தெரிவது எவ்வளவு?

பெரும்பாலான மேனேஜர்கள் மெயிலை முதலில் பார்ப்பது போனில்தான். இரண்டு கூட்டங்களுக்கு நடுவில், லிஃப்ட்டுக்குக் காத்திருக்கையில், காரில் போகையில் பார்க்கிறார்கள். அப்போது திரையில் தெரிவது அனுப்பியவரின் பெயர், சப்ஜெக்ட் லைனின் முதல் நான்கைந்து சொற்கள், மெயிலின் முதல் வரியில் கொஞ்சம். அவ்வளவுதான். மிச்சமெல்லாம் மூன்று புள்ளிகளுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

அந்தச் சில நொடிகளில் அவர் மெயிலைப் படிப்பதில்லை, பிரித்துப் போடுகிறார். இப்போதே பார்க்க வேண்டியது, சாயங்காலம் பார்த்தால் போதும், பார்க்காவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்று மூன்று கூடைகள். எந்த மெயில் எந்தக் கூடைக்குப் போக வேண்டும் என்பதை அந்த நான்கைந்து சொற்கள்தான் முடிவு செய்கின்றன.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். ‘ஜூன் மாதத்துக்கான வரித் தொகையைச் செலுத்த ஒப்புதல் தேவை’ என்பது நல்ல தமிழ். ஆனால் போனில் அது ‘ஜூன் மாதத்துக்கான வரித் தொகையை…’ என்பதோடு நின்றுவிடும். எது முக்கியமோ அதுவே வெட்டுப்படுகிறது. பேச்சில் கடைசி வார்த்தை வரை காத்திருக்க எதிரில் ஆள் இருக்கிறார். போன் திரை காத்திருக்காது.

எனவே, சப்ஜெக்ட் லைனில் மட்டும் வழக்கத்தைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. என்ன வேண்டும் என்பது முதலில், எதற்கு என்பது பிறகு.

தலைப்பு இருந்தது, கோரிக்கை தெரியவில்லை

எதைப் பற்றி என்று சொல்லிவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? அலுவலகக் கடிதங்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் சம்பவம் ஒன்று அமெரிக்காவில் நடந்தது. அப்போது மெயில் இல்லை. காகிதத்தில் தட்டச்சு செய்த ‘மெமோ’க்கள்தான். ஆனால் அவற்றிலும் மேலே ‘சப்ஜெக்ட்’ என்று ஒரு வரி உண்டு.

1977 செப்டம்பர் 24 அன்று, ஓஹயோ மாநிலத்தில் உள்ள டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. உலையைக் குளிர்விக்கும் நீர் அதன் வழியே வெளியேறியது. அவசர பம்ப் தானாகவே ஓடத் தொடங்கி நீரை உள்ளே செலுத்தியது. ஆனால் கருவி ஒன்று நீர்மட்டம் உயர்வதாகக் காட்டவே, தேவைக்கு அதிகமாக நீர் இருக்கிறது என்று நினைத்து ஊழியர்கள் பம்ப்பை நிறுத்திவிட்டார்கள். நல்லவேளையாக, உலை அப்போது மிகக் குறைந்த சக்தியில் ஓடிக்கொண்டிருந்தது. வால்வு சிக்கியிருப்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. பெரிய சேதம் இல்லை.

அந்த உலையை வடிவமைத்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்களுக்கு இது உறுத்தியது. முழுச் சக்தியில் ஓடும் வேறொரு நிலையத்தில் இதே தவறு நடந்தால் என்ன ஆவது? பெர்ட் டன் என்ற பொறியாளர் 1978 பிப்ரவரியில் மெமோ எழுதினார். பம்ப்பை எப்போது நிறுத்தலாம், எப்போது நிறுத்தக் கூடாது என்று எல்லா நிலையங்களுக்கும் தெளிவான அறிவுறுத்தல் போக வேண்டும் என்பது அவர் கேட்டது. நிறுவனத்துக்குள் அதைப் பற்றிக் கேள்விகள் எழுந்தன, விஷயம் இழுத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 3-ம் தேதி, டொனால்ட் ஹால்மன் என்ற இன்னொரு அதிகாரி, இதில் முடிவெடுக்க வேண்டிய பிரிவின் மேலாளருக்கு மெமோ அனுப்பினார்.

அந்த மெமோவின் சப்ஜெக்ட் வரியைத் தமிழில் சொன்னால், ‘உயர் அழுத்த நீர் செலுத்துதலை இயக்குபவர்கள் இடைநிறுத்துவது’ என்று வரும். பொய் இல்லை, பிழை இல்லை. ஆனால் அதைப் படிக்கிறவருக்கு இது நடந்த ஒன்றைப் பற்றிய அறிக்கையா, ஆய்வா, விளக்கமா, முடிவு கேட்கிற கடிதமா என்று தெரிய வழியில்லை. உலையின் எரிபொருள் சேதமடையலாம் என்ற எச்சரிக்கை மேலே இல்லை, உள்ளே தொழில்நுட்ப வாக்கியங்களுக்கு நடுவில் இருந்தது. எப்போதுக்குள் பதில் வேண்டும் என்பதும் மேலே இல்லை.

மாதங்கள் ஓடின. எல்லா நிலையங்களுக்கும் போயிருக்க வேண்டிய அறிவுறுத்தல் போகவில்லை.

1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. பென்சில்வேனியா மாநிலத்தின் த்ரீ மைல் ஐலண்ட் நிலையத்தில் அதே மாதிரி வால்வு திறந்தபடி சிக்கியது. அங்கும் நீர்மட்டம் உயர்வதாகக் கருவி காட்டியது. அங்கும் ஊழியர்கள் அவசர நீரைக் குறைத்தார்கள். இந்த முறை உலை கிட்டத்தட்ட முழுச் சக்தியில் ஓடிக்கொண்டிருந்தது. வால்வு சிக்கியிருப்பதைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உலையின் மையப் பகுதியில் ஏறத்தாழ பாதி உருகிப்போனது. விபத்தை விசாரிக்க அமெரிக்க அதிபர் கார்ட்டர் அமைத்த கெமனி ஆணையம், இந்த மெமோக்களின் கதையையும் தோண்டி எடுத்துப் பதிவு செய்தது.

ஒரு சப்ஜெக்ட் வரியால்தான் அந்த விபத்து நடந்தது என்று சொல்ல முடியாது. பிரிவுகளுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது, யார் பொறுப்பு என்பதில் குழப்பம் இருந்தது, கருவிகளிலும் பயிற்சியிலும் குறை இருந்தது. ஆனால் எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது, சரியான மேஜைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது என்பதும் உண்மை. ‘முடிவு தேவை: அவசர பம்ப்பை நிறுத்த வேண்டாம் என எல்லா நிலையங்களுக்கும் அறிவுறுத்தலாமா?’ என்று மேலே இருந்திருந்தால், படித்தவர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டிய கட்டாயமாவது வந்திருக்கும்.

தலைப்பைச் சொன்னால் படிக்கிறவர் ‘சரி, இப்படி ஒரு விஷயம் இருக்கிறது’ என்று நினைத்துக்கொள்வார். கோரிக்கையைச் சொன்னால்தான் ‘இதில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது’ என்று நினைப்பார்.

ஒரு ஜிஎஸ்டி மெயிலின் கதை

அணு உலையிலிருந்து அன்றாட அலுவலகத்துக்கு வரலாம். கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமே ஆன பெண் ஒருவர். ஜூன் மாதத்துக்கான ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்னை ஜூலை 20-ம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ரொக்கமாகக் கட்ட வேண்டிய வரி ரூ.3,65,000. வரியைக் கட்டாமல் ரிட்டர்ன் தாக்கல் செய்ய முடியாது. பணம் போக மேனேஜரின் ஒப்புதல் வேண்டும்.

தள்ளிப்போனால் நஷ்டம் எவ்வளவு என்பது சுலபமான கணக்கு. ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில், இந்தத் தொகைக்கு ஒரு நாளைக்கு 180 ரூபாய். தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய். ஆக, ஒவ்வொரு நாளும் 230 ரூபாய். நிறுவனத்துக்கு இது பெரிய தொகை இல்லைதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு வேறு கணக்கு இருக்கிறது. 22-ம் தேதி காலை நடக்கப்போகும் பேச்சு இப்படி இருக்கும்.

“ஏம்மா, ஜிஎஸ்டி இன்னும் கட்டலையா?”

“சார், 16-ம் தேதியே மெயில் போட்டேன் சார்.”

“எந்த மெயில்மா? அப்ரூவல் கேட்டு ஒண்ணும் வரலையே.”

வந்திருந்தது. ஆனால் அதன் சப்ஜெக்ட் லைன் இதுதான்:

ஜிஎஸ்டி – தொடர்பாக

மேனேஜருக்கு ஒரு வாரத்தில் ஜிஎஸ்டி பற்றிப் பல மெயில்கள் வரும். ஆடிட்டர் அனுப்புகிற விளக்கம், சப்ளையர் பில்லில் எண் தவறு, போர்டலிலிருந்து வருகிற தானியங்கி அறிவிப்பு என்று எல்லாமே ‘ஜிஎஸ்டி தொடர்பாக’த்தான். இது அவற்றில் ஒன்றாகக் கரைந்துபோனது. அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

அந்தப் பெண் அடுத்து என்ன செய்யலாம்? பலரும் செய்வது இதுதான்:

அவசரம்!! ஜிஎஸ்டி

‘அவசரம்’ என்பது அனுப்புகிறவரின் பதற்றத்தைச் சொல்கிறது. படிக்கிறவரின் வேலையைச் சொல்வதில்லை. எவ்வளவு அவசரம், இன்றா நாளையா என்பதும் அதில் இல்லை. மாதத்துக்கு ஒரு முறை வந்தால் மேனேஜர் திறந்து பார்ப்பார். வாரத்துக்கு மூன்று முறை வந்தால் அது அனுப்புகிறவரின் பழக்கம் என்று முடிவு கட்டிவிடுவார். இன்னொரு ஆபத்தும் உண்டு. மோசடி மெயில்களும் ‘அவசரம், உடனே பணம் அனுப்பவும்’ என்ற தொனியில்தான் வருகின்றன. எச்சரிக்கையான மேனேஜர் இப்படி வருவதைத் திறக்கவே யோசிப்பார்.

சரி, எல்லா விவரத்தையும் சொல்லிவிடலாம் என்று இப்படி எழுதினால்?

ஜூன் மாதத்துக்கான ஜிஎஸ்டி வரித் தொகை ரூ.3,65,000-ஐ ஜூலை 20-ம் தேதிக்குள் செலுத்துவதற்குத் தங்கள் ஒப்புதல் தேவை

இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, கணினித் திரையில் முழுதாகத் தெரிந்தால். போனில் தெரிவது ‘ஜூன் மாதத்துக்கான ஜிஎஸ்டி வரித்…’ என்பது மட்டும். மறுபடியும் ‘தொடர்பாக’ கதைதான்.

இதையே திருப்பிப் போட்டால்:

ஒப்புதல் தேவை, 18 மாலைக்குள்: ஜூன் ஜிஎஸ்டி ரூ.3,65,000

இப்போது எங்கே வெட்டுப்பட்டாலும் மிச்சம் இருப்பது பயன்படும். முதல் இரண்டு சொற்களோடு நின்றாலும், தன்னிடம் ஏதோ ஒப்புதல் கேட்கிறார்கள் என்று மேனேஜருக்குப் புரியும். இன்னும் கொஞ்சம் தெரிந்தால், எதுவரை நேரம் இருக்கிறது என்று புரியும். முழுதாகத் தெரிந்தால், மெயிலைத் திறக்கும் முன்பே பாதி முடிவு எடுத்துவிடுவார்.

20-ம் தேதிதானே கடைசி நாள், ஏன் 18 என்று எழுத வேண்டும்? சட்டம் சொல்கிற கடைசி நாள் வேறு, மேனேஜரிடமிருந்து பதில் வர வேண்டிய நாள் வேறு. ஒப்புதல் வந்த பிறகு பணம் கட்ட வேண்டும், அதன் பிறகு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். கடைசி நாளில் போர்டல் மெதுவாகும் என்பது கணக்குப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். எனவே சப்ஜெக்ட் லைனில் வர வேண்டியது மேனேஜர் பதில் சொல்ல வேண்டிய நாள். அது ஏன் 18 என்பதை மெயிலுக்குள் ஒரே வரியில் சொல்லிவிடலாம். ‘சீக்கிரம்’, ‘கூடிய விரைவில்’ என்று எழுதினால் அதற்குப் படிக்கிறவர் தன் வசதிப்படி அர்த்தம் வைத்துக்கொள்வார். தேதி போட்டால் அந்த வசதி இல்லை.

திறந்த பிறகு?

சப்ஜெக்ட் லைன் கதவைத்தான் திறக்கும். உள்ளே போனதும் மேனேஜர் திணறக் கூடாது. ‘மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம், தாங்கள் நலம் என நம்புகிறேன்’ என்று தொடங்கினால், போனில் சப்ஜெக்டுக்குக் கீழே தெரியும் அந்த ஒரு துண்டு இடமும் வீணாகிவிடும். ‘வணக்கம் சார்’ என்ற இரண்டு சொற்களோடு மரியாதையை முடித்துக்கொண்டு, நேராக விஷயத்துக்கு வரலாம்.

‘வணக்கம் சார், ஜூன் ஜிஎஸ்டி ரூ.3,65,000 கட்ட உங்கள் ஒப்புதல் வேண்டும். கணக்கு விவரம் இணைப்பில் உள்ளது, ஆடிட்டர் சரிபார்த்துவிட்டார். 18-ம் தேதி மாலைக்குள் “ஓகே” என்று பதில் போட்டால் 19-ம் தேதி கட்டிவிடுவேன். 20-ஐத் தாண்டினால் நாளொன்றுக்கு 230 ரூபாய் கூடுதலாகும்.’

நான்கு வாக்கியங்கள். மேனேஜர் செய்ய வேண்டியது இரண்டெழுத்தில் ஒரு பதில். லிஃப்ட் வருவதற்குள் முடிந்துவிடும் வேலை. சப்ஜெக்டில் கேட்டதும் முதல் வரியில் கேட்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இங்கே முக்கியம். மேலே ‘ஒப்புதல் தேவை’ என்று போட்டுவிட்டு, உள்ளே நான்கு பத்தி விளக்கமும் கடைசியில் ‘தங்கள் ஆலோசனையை எதிர்பார்க்கிறேன்’ என்றும் எழுதினால், அடுத்த முறை அந்தப் பெயரிலிருந்து வரும் ‘ஒப்புதல் தேவை’யை மேனேஜர் நம்ப மாட்டார்.

ஒரு மெயிலில் ஒரு கோரிக்கைதான் என்பதும் இதிலிருந்து வருவதுதான். ஜிஎஸ்டியோடு ‘அப்படியே என் வெள்ளிக்கிழமை லீவையும் ஓகே பண்ணிடுங்க சார்’ என்று சேர்த்தால், ‘ஓகே’ என்று வருகிற பதில் எதற்கு என்று பிறகு குழப்பம் வரும்.

தொடக்கச் சொற்கள் நான்கு போதும்

பல அலுவலகங்களில் மேனேஜருக்குப் போகும் மெயில்களைப் பார்த்தால், கேட்கப்படுவது பெரும்பாலும் நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். ‘ஒப்புதல் தேவை’ என்பது ஆம் அல்லது இல்லை என்ற பதிலுக்கு. ‘முடிவு தேவை’ என்பது இரண்டு மூன்று வழிகளில் ஒன்றை அவர் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்போது. ‘விவரம் தேவை’ என்பது அவரிடம் மட்டுமே இருக்கிற ஒன்றைக் கேட்க. நான்காவது, ‘தகவலுக்கு மட்டும்’. அமெரிக்க ராணுவத்திலும் மெயிலின் தொடக்கத்தில் இப்படி ஒரு குறிச்சொல் போடுகிற வழக்கம் இருக்கிறது.

இவற்றில் அதிகம் உதவுவது கடைசியாக வந்த ‘தகவலுக்கு மட்டும்’ என்பதுதான். ‘இதில் உங்களுக்கு வேலை எதுவும் இல்லை’ என்று சொல்லி அனுப்புகிறவரிடமிருந்து ‘தேவை’ என்று வரும்போது மேனேஜர் நிமிர்ந்து உட்காருவார். எல்லாவற்றுக்கும் ‘தேவை’ என்று போடுகிறவரின் மெயிலும் ‘தொடர்பாக’ என்று போடுகிறவரின் மெயிலும் சீக்கிரமே ஒரே கூடைக்குப் போய்விடும்.

கெட்ட செய்தியைச் சொல்லும்போதும் இதே முறைதான். அனுப்பிய சரக்கில் பழுது என்று வாடிக்கையாளர் சொல்லியிருந்தால், ‘சரக்கு நிலவரம் குறித்து’ என்று மூடி மறைத்து எழுதத்தான் கை போகும். ‘முடிவு தேவை, இன்று 4 மணிக்குள்: 200 பம்ப் சீல் பழுது, மாற்றித் தருவதா, பணம் திருப்புவதா?’ என்று எழுதினால் மேனேஜர் முகம் சுளிக்கலாம். ஆனால் திறப்பார். நான்கு மணிக்கு வாடிக்கையாளரே அவருக்குப் போன் செய்து சொல்லும்போது சுளிப்பதைவிட அது குறைவாகவே இருக்கும்.

பழைய மெயிலின் முதுகில் ஏறுவது

நல்ல சப்ஜெக்ட் லைன் எழுதத் தெரிந்தவர்களும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. புது மெயில் எழுதச் சோம்பல்பட்டு, போன மாதம் மேனேஜர் அனுப்பிய பதிலைத் தேடி எடுத்து, அதற்கே ‘ரிப்ளை’ அழுத்திப் புது விஷயத்தை எழுதுவது. அந்த மெயிலின் மேலே ‘ஒப்புதல் தேவை: மே ஜிஎஸ்டி’ என்றுதான் இருக்கும். மேனேஜர் மனதில் மே மாதக் கணக்கு முடிந்துபோன விஷயம். ‘ஏதோ நன்றி சொல்லியிருக்கிறார்கள் போல’ என்று கடந்துபோவார். புது மாதம், புது விஷயம் என்றால் புது மெயில்தான் எழுத வேண்டும்.

நினைவூட்டல் என்றால் இதற்கு நேர்மாறு. 18-ம் தேதி மதியம் வரை பதில் இல்லை என்றால், ‘ஜென்டில் ரிமைண்டர்’ என்று தனியாக ஒரு மெயில் போடுவதால் பயன் இல்லை. எதற்கு நினைவூட்டல் என்று அதில் இருக்காது, இணைப்பும் இருக்காது. முதலில் அனுப்பிய மெயிலுக்கே பதிலாக, ‘சார், இன்று மாலைக்குள் உங்கள் ஓகே வேண்டும்’ என்று ஒரு வரி எழுதினால், கணக்கு விவரமும் முந்தைய மெயிலும் அதன் கீழேயே இருக்கும். ஜிமெயில் போன்றவற்றில் சப்ஜெக்ட் வரியை மாற்றினால் அது தனி உரையாடலாகப் பிரிந்துவிடும் என்பதால், நினைவூட்டும்போது சப்ஜெக்டில் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

அதற்கும் பதில் இல்லையா? மெயிலுக்கு அவ்வளவுதான் சக்தி என்று ஏற்றுக்கொண்டு போனை எடுக்க வேண்டும். “சார், ஜூன் ஜிஎஸ்டின்னு ஒரு மெயில் இருக்கு. ஓகே போட்டீங்கன்னா நாளைக்குக் கட்டிடுவேன் சார்.” சப்ஜெக்ட் லைன் சரியாக இருந்தால், பேசிக்கொண்டே அந்த மெயிலைத் தேடிக் கண்டுபிடிப்பதும் அவருக்கு எளிது. ‘தொடர்பாக’ என்று தேடினால் நூறு மெயில்கள் வந்து நிற்கும்.

சப்ஜெக்டில் வரக் கூடாதவை

சப்ஜெக்ட் லைன் பூட்டிய போனின் திரையிலும் வந்து நிற்கும். கூட்டத்தில் மேஜைமேல் வைத்த போனைப் பக்கத்தில் இருப்பவரும் பார்க்கலாம். ஒருவரின் சம்பளம், உடல்நிலை, அவர்மேல் எடுக்கப்போகும் நடவடிக்கை போன்றவற்றை அங்கே எழுதக் கூடாது. ‘முடிவு தேவை, புதனுக்குள்: பணியாளர் விவகாரம், தனிப்பட்டது’ என்பது போதும். இங்கே தெளிவைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதில் தப்பில்லை. என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்ற இரண்டும் அப்போதும் இருக்கும்.

வரி சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு எளிய சோதனைகள் இருக்கின்றன. முதலாவது, மெயிலைத் தன் முகவரிக்கே ஒருமுறை அனுப்பிப் போனில் பார்ப்பது. மூன்று புள்ளிகளுக்கு முன்னால் என்ன தெரிகிறதோ அதுதான் மேனேஜருக்கும் ஏறக்குறைய தெரியும். இரண்டாவது சோதனை, வருகிற பதில்களில் இருக்கிறது. ‘இதில் நான் என்ன பண்ணணும்?’ என்று மேனேஜர் கேட்டால் சப்ஜெக்டில் வினை இல்லை. ‘எந்த பில்?’ என்று கேட்டால் பொருள் தெளிவாக இல்லை. கடைசி நாள் தாண்டிப் பதில் வந்தால் தேதி இல்லை, அல்லது அது கண்ணில் படுகிற இடத்தில் இல்லை.

சில நேரம் சப்ஜெக்ட் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து எவ்வளவு யோசித்தாலும் முதல் இரண்டு சொற்கள் கிடைக்காது. ஒப்புதலா, முடிவா, விவரமா என்று அனுப்புகிறவருக்கே பிடிபடாது. அப்படியானால் சிக்கல் அந்த வரியில் இல்லை. என்ன கேட்கப்போகிறோம் என்பதே இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். அதை முடிவு செய்யும் வரை அந்த மெயில் டிராஃப்டிலேயே இருக்கட்டும்.